வாத்தின் வயிறும் வீட்டார் வைத்தியமும்

விடுதியின் சமையலறைக்குள் அண்ணி காலெடுத்து வைத்ததுமே புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் வெள்ளையாகக் குமிழி விட்டபடி ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் சமையல்காரர் ஒரு குச்சியால் ஓட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னது இது?"

"மாவு மேடம். நாளைக்கு இட்லிக்கு வெச்சிருந்தது. கோச் வந்து கொட்டச் சொல்லிட்டார்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான். இனிமே புளிச்ச சமாச்சாரம் எதுவும் இந்த வாசல்படி தாண்டக் கூடாதுன்னுட்டார். நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

அண்ணி தோள்பையைக் கழற்றி மேடைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் டம்ளர் ஒன்று உருண்டது. இந்த விளையாட்டு விடுதியில் அவள்தான் உணவு நிபுணர். யார் எதைச் சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்று முடிவு செய்யத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் மாவைக் கொட்டுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளை அங்கே எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. அந்த ஒருத்தி, நடைப்போட்டிக்காரி. வேகநடைக்காரர்களின் இடுப்பு ஆடும் ஆட்டத்தைப் பார்த்து விடுதிப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் வாத்து. முதலில் முறைத்தவள், பிறகு தன் தண்ணீர் பாட்டிலிலேயே ஒரு வாத்துப் படத்தை ஒட்டிக்கொண்டாள். வாத்து 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடக் கூப்பிட, குண்டு எறிகிறவள், ஈட்டி எறிகிறவள், வாசல் காவலாளி வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது மாவு தொட்டியில் கிடப்பதற்கும் அந்த வாத்துதான் காரணம். தேசிய அணித் தேர்வுக்கு முன்பாகப் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த முன்னோட்டப் போட்டியில், சாலையில் போட்ட வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். முதல் பாதியில் வாத்து முன்வரிசையில்தான் இருந்தாள். பிறகு வயிறு கலக்கிவிட்டது. நடுவரிடம் கையைத் தூக்கி அனுமதி வாங்கி, ஓர் அதிகாரி கூடவே வர, ஓரமாக நின்ற கழிப்பறைப் பெட்டிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்கலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்குள் முன்னால் போனவர்கள் போயே போய்விட்டார்கள். கூடவே போன அதிகாரி ஆண். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றைக்குத் திரும்பும் வண்டியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தாள்.

அண்ணி நேரே மைதானத்துக்குப் போனாள். கோச் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் நெடுந்தூரம் ஓடியவர். தன் வயிற்றைப் பற்றி ஒருநாளும் யோசித்துப் பார்க்க வேண்டிய அவசியம் வராதவர். அதனாலேயே அடுத்தவர் வயிற்றைப் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"மாவு என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

"வாம்மா. நானே சொல்லலாம்னு இருந்தேன். புளிக்கிற மாவு வயித்துக்குள்ள போயும் புளிக்கும். கேஸ் கட்டும். அதான் அந்தப் பொண்ணு அவஸ்தைப்படுது."

"உள்ள போய் எப்படி சார் புளிக்கும்? ஆவியில வேகும்போதே அதுல இருக்கிற கிருமி எல்லாம் செத்துடுது. உயிரோட ஒண்ணும் உள்ள போறதில்ல."

"அப்போ எதுக்கு அதைப் புளிக்க வெக்கிறீங்க? நீங்கதானே புளிச்சது நல்லதுன்னு மீட்டிங்ல சொன்னீங்க?"

"அது சாகறதுக்கு முன்னாடி வேலையைப் பார்த்துட்டுப் போயிடுது சார். உளுந்துல வாயு உண்டாக்கற சர்க்கரை ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பங்கை மாவு புளிக்கும்போதே அது தின்னுடுது. மாவும் லேசாகுது. எண்ணெய் இல்ல, நார்ச்சத்து கம்மி. காலையில நடக்கப் போறவளுக்கு அதைவிட சாதுவான சாப்பாடு வேற என்ன இருக்கு?"

கோச் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அவள் சொன்னதில் பாதியைக்கூட அவர் காதில் வாங்கவில்லை என்பது அந்தத் தடவலிலேயே தெரிந்தது.

"விடுதியில இருக்கிற எல்லாப் பொண்ணுங்களும் அதே இட்லியைத்தானே சார் சாப்பிட்டாங்க? ஒருத்திக்கு மட்டும் எப்படி?"

"மத்தவங்களுக்குக் கல்லு வயிறும்மா."

அண்ணி திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து அவர் சொன்னார்: "இட்லிக்குப் பதிலா தவிடு போட்ட ரொட்டியும் வேகவெச்ச பயறும் குடுக்கச் சொல்லியிருக்கேன். நல்லா தெம்பா இருக்கும்." சாதுவான சாப்பாட்டைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வாயு உண்டாக்கவென்றே பிறந்த சாப்பாட்டைத் தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே மாமியார் இருந்தார். மகளுக்கு வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வீட்டில் பால் காய்ச்சுவதும் உறை ஊற்றுவதுமாக இருந்தார். குளிர்பெட்டியைத் திறந்தால் தயிர், அதற்குப் பின்னாலும் தயிர். அண்ணி வாங்கி வைத்த கீரை எங்கோ அடியில் நசுங்கிக் கிடந்தது.

"அத்தை, இவ்வளவு தயிர் யாருக்கு?"

"யாருக்கா? என் பொண்ணுக்குத்தான். தினமும் உன் புருஷன் வேலைக்குப் போற வழியில விடுதியில குடுத்துட்டுப் போறான். காலையில ஒரு கிண்ணம், மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வயித்தைக் குளிர வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

"காலையில எப்போ?"

"நடக்கப் போறதுக்கு முன்னாடிதான். வெறும் வயித்துல நடக்கலாமா?"

அண்ணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "தயிர் நல்லதுதான் அத்தை. நான் இல்லேன்னு சொல்லல. பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்குக்கூடத் தயிர் ஒத்துக்கும். பால்ல இருக்கிற சர்க்கரையில கொஞ்சத்தைத் தயிர்ல இருக்கிற கிருமியே தின்னுடுது, மிச்சம் செரிக்கிறதுக்கும் கூடமாட ஒத்தாசை பண்ணுது. ஆனா கெட்டி ஏடு தயிரைக் கிண்ணம் நிறையக் குடிச்சிட்டு உடனே வேகமா நடந்தா, அது இரைப்பையிலயே கிடந்து குலுங்கும். ராத்திரி சாப்பாட்டோட குடுங்க. காலையில வேண்டாம்."

"நான் ரெண்டு பிள்ளை வளர்த்தவ."

"தெரியும் அத்தை."

"ரெண்டு பேருக்கும் தயிர் குடுத்துதான் வளர்த்தேன்."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று அண்ணிக்கு அனுபவத்தில் தெரியும். கூடத்தில் அவள் கணவர் காலைத் தூக்கி மேசைமேல் போட்டபடி உட்கார்ந்திருந்தார். தங்கை என்றால் உயிரை விடுகிற மனிதர். அந்தப் பாசத்தோடு அவசரமும் சேர்ந்துகொள்ளும்போதுதான் வம்பு.

"தயிர் எல்லாம் பழைய வைத்தியம்," என்றார் அவர், அம்மா காதில் விழாதபடி. "நான் மாத்திரையே வாங்கிக் குடுத்துட்டேன்."

"என்ன மாத்திரை?"

"நல்ல கிருமி மாத்திரை. புரோபயாட்டிக். ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். கடையில நாலு விதம் இருந்துச்சு, நான் இருக்கிறதுலயே பெரிய நம்பரா பார்த்து எடுத்தேன். ஒரு மாத்திரையில ஐயாயிரம் கோடி கிருமியாம்."

"என்ன கிருமி?"

"நல்ல கிருமின்னுதானே சொல்றேன்."

"ஏங்க, நல்ல கிருமின்னு ஒரு சாதி கிடையாது. ஒரே பேர்ல ஆயிரம் வகை இருக்கு. ஒரு வகை பேதிக்கு உதவும், ஒரு வகை எதுக்கும் உதவாது. வகையோட பேரும் அதோட எண்ணும் டப்பாவுல போட்டிருக்கணும். அந்த வகையை யாருக்குக் குடுத்து சோதிச்சாங்கன்னு பார்க்கணும். கோடியைப் பார்த்து வாங்கறதுக்கு இது என்ன லாட்டரியா?"

"சைடு எஃபெக்ட் இல்லேன்னு போட்டிருந்துச்சு."

"அவ போட்டிக்காரி. ஊக்கமருந்து சோதனை இருக்கு. எந்த மாத்திரைக்குள்ள என்ன கலந்திருக்குன்னு தெரியாம முழுங்கி, நாளைக்கு சோதனையில மாட்டினா அவ நடையே முடிஞ்சு போச்சு. அதை யோசிச்சீங்களா?"

அவர் காலை மேசையிலிருந்து கீழே இறக்கினார். அவர் அதை யோசித்திருக்கவில்லை. முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து அண்ணிக்குப் பாவமாகவும் இருந்தது, கோபம் குறையவும் இல்லை. "எப்போ குடுத்தீங்க?" என்று கேட்டாள். முன்னோட்டப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு என்று பதில் வந்தது. புதிதாக ஆரம்பிக்கும்போது அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். போட்டி நெருங்கும்போது ஆரம்பிக்கக்கூடாது என்பதுதான் அதில் பால பாடம்.

மறுநாள் காலை வாத்துக்கு நீண்ட நடைப் பயிற்சி. அண்ணி காவலாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே மிதித்துப் போனாள். விடுதியைச் சுற்றி ஓடும் சாலை, ஒரு பக்கம் கிடங்குகள், மறுபக்கம் வேலி. லாரிகள் வரத்து இல்லாத நேரம். வாத்தின் முழங்கால் தரையைத் தொடும்போது கம்பிபோல நிமிர்ந்து நின்று, உடம்பு தாண்டியதும் மடங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் அந்த அழகு கலையத் தொடங்கியது. கை வயிற்றுக்குப் போனது. முதுகு கூனியது. முழங்காலும் கூடவே மடங்கியது.

"நில்லு."

"முடிச்சிடறேன் அண்ணி."

"நில்லுன்னா நில்லு."

வேலியோரத்துக் கல்லில் இருவரும் உட்கார்ந்தார்கள். வாத்து குனிந்து மூச்சு வாங்கினாள்.

"காலையில எழுந்ததுல இருந்து வாயில போனது எல்லாத்தையும் சொல்லு. தண்ணி உள்பட."

வாத்து விரல் மடக்கத் தொடங்கினாள். அம்மாவின் தயிர். கோச் கொடுத்த தவிட்டு ரொட்டி, அரைக் கிண்ணம் பயறு. அண்ணன் கொடுத்த மாத்திரை. டப்பாவில் ஒன்று என்று போட்டிருந்தது, சீக்கிரம் குணமாகட்டும் என்று மூன்று போட்டுக்கொண்டாள். நடக்கும்போது இடுப்புப் பையிலிருந்து சர்க்கரை ஜெல் பாக்கெட் ஒன்று.

"ஜெல்லோட தண்ணி குடிச்சியா?"

"தண்ணி குடிச்சா வயிறு குலுங்குது. அதான் இப்பல்லாம் குடிக்கிறதில்ல."

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். "வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"வேற?"

வாத்து ஷூவின் நாடாவைத் திருகினாள். "வலி மாத்திரை."

"எது?"

"இடுப்பு வலிக்குது அண்ணி. சாயங்காலம் ஆனா உட்கார முடியல. அம்மா முழங்காலுக்குப் போடுவாங்களே, அந்த டப்பாவுல இருந்து எடுத்துட்டு வந்தேன். நீண்ட நடைக்கு முன்னாடி மட்டும்தான் போடறேன். இடுப்பு வலின்னு சொன்னா கோச் அணியில இருந்து எடுத்துடுவார்னு பயம்."

"எத்தனை நாளா?"

"வயிறு தகராறு பண்ண ஆரம்பிச்சதுக்கு" என்று தொடங்கிய வாத்து, பாதியில் நிறுத்தினாள். வாக்கியத்தின் மறுபாதி அவளுக்கே அப்போதுதான் கேட்டது போலிருந்தது. "அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இருந்து."

அண்ணிக்குச் சத்தம் போடவேண்டும் போல இருந்தது. யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாளும் இவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும்தான் அவளும் கேட்டிருந்தாள். மாத்திரை சாப்பாட்டில் சேராது என்று இவள் எண்ணியிருக்கிறாள்.

"இங்க பாரு. நீ வேகமா நடக்கும்போது ரத்தம் எல்லாம் காலுக்குப் போகுது. குடலுக்குக் கம்மியாத்தான் கிடைக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அந்த நேரத்துல குடல் பட்டினி கிடக்குது. வலி மாத்திரை அதோட உள்தோலை இன்னும் புண்படுத்துது. மேல கெட்டி ஜெல், தண்ணி இல்லாம. அது உள்ள போய் உடம்புல இருக்கிற தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்குது. அப்புறம் தவிடு, பயறு, தயிர், ஐயாயிரம் கோடியை மூணால பெருக்கி. உன் வயித்துல நடக்கறது போட்டி இல்ல, ஊர்ச் சண்டை."

வாத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டது. "இப்ப எங்க போறது அண்ணி?" என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். கிடங்கின் காவலாளியிடம் கெஞ்சிக் கழிப்பறைச் சாவி வாங்கிக் கொடுத்தது அண்ணிதான்.

அன்றைக்கே இருவரும் விளையாட்டு மருத்துவரிடம் போனார்கள். அவர் மாத்திரை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். வகையின் பெயர் எங்கேயும் இல்லை. "சில வகைகளை ஓட்டக்காரங்களுக்கு நாலு வாரம் குடுத்துப் பார்த்திருக்காங்க. கொஞ்சம் பேருக்கு வயித்துத் தொல்லை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வேற சில ஆய்வுல ஒரு வித்தியாசமும் இல்ல. பார்க்கணும்னா போட்டி முடிஞ்சு ஓய்வு மாசத்துல பாருங்க. இப்ப இதை நிறுத்துங்க. வலி மாத்திரையை முதல்ல நிறுத்துங்க. இடுப்பை நான் பார்க்கறேன்," என்றார். இடுப்பில் தசைப்பிடிப்புதான், எலும்பில் ஒன்றுமில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைச் செய்தால் போட்டியில் நடக்கலாம் என்றதும் வாத்து அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணிக்கு உண்மையான போராட்டம். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. கணவர் மாத்திரையை உடனே விட்டுக்கொடுத்தார், ஊக்கமருந்து பயம் அவரை அவ்வளவு ஆட்டியிருந்தது. மாமியார் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தயிர் இரவுச் சாப்பாட்டுக்குத் தொடர்ந்து போகும், பகலில்தான் வேண்டாம் என்பதைக் கணவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் சமாதானம். மகன் சொன்னால் அது வேறு. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோச்சிடம் மாவைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. முடிவில் அண்ணி ஒரு நிபந்தனை போட்டாள்.

"சார், ஒவ்வொரு வாரமும் ஒண்ணே ஒண்ணுதான் மாத்துவோம். வலி மாத்திரையும் கோடி மாத்திரையும் டாக்டர் நிறுத்திட்டார், அதுல பேச்சே இல்ல. இந்த வாரம் காலைத் தயிரும் பயறும் தவிடும் நின்னு இட்லி வரட்டும். அடுத்த வாரம் ஜெல்லைத் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுப் பழகட்டும். வயிறு தகராறு பண்ணினா இட்லியை நானே என் கையால கொட்டறேன்."

"ஒரே வாரத்துல மூணு சொல்லிட்டு ஒண்ணுங்கறே."

"மூணும் நீங்களும் எங்க வீட்டு ஆளுங்களும் சேர்த்தது சார். எடுக்கும்போது ஒண்ணாத்தான் எடுக்கணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். முதல் வாரம் வாத்து நடுவழியில் ஒரு தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது. கோச் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாம் வாரம் ஓடவில்லை, ஆனால் வயிறு பிடித்துக்கொண்டது. ஜெல்லைப் பாதிப் பாதியாகத் தண்ணீரோடு குடிக்கப் பழகியதும் அதுவும் குறைந்தது. ஒருநாள் முழுத் தூரத்தையும் நடந்து முடித்துவிட்டு வந்து, "பசிக்குது அண்ணி," என்றாள். அண்ணிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. போட்டி வேறு ஊரில் என்பதால் இட்லி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, சில நாள் வெள்ளை ரொட்டியும் ஜாமும் கொடுத்தும் நடக்கவிட்டாள். அதற்கும் வயிறு சும்மா இருந்தது.

ஆனால் கோச் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே முழுதாக விழுகிற மனிதர். இட்லி ஒத்துக்கொண்டது என்று கண்டதும், இட்லி இல்லாமல் போட்டியே கிடையாது என்று ஆகிவிட்டார். அண்ணியிடம் சொல்லாமல் ஒரு பெரிய டப்பா நிறைய மாவு வாங்கி, மூடியை இறுக்கி, வேனின் பின்பக்கம் சாமான்களோடு ஏற்றிவிட்டார். வெயில் கொளுத்திய நாள். மூடிய வேனுக்குள் மாவு என்ன செய்யும்? மணிக்கணக்காகப் பொங்கியது. போட்டி நடக்கும் ஊரில் விடுதிக்கு வந்து பின்கதவைத் திறந்தபோது மூடி தனியாகக் கிடந்தது. மாவு பைகளின்மேல் வழிந்து, அணிச் சட்டைகள் இருந்த பையில் பாதி போய்ச் சேர்ந்திருந்தது. ஈட்டி எறிகிறவளின் புது ஷூவுக்குள்ளும் கொஞ்சம்.

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. காலையில அந்தப் பொண்ணுக்கு என்ன குடுக்கறது?"

"ரொட்டி," என்றாள் அண்ணி.

"ரொட்டியா? இட்லி இல்லாம எப்படிம்மா?"

அண்ணிக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்தில் ஒரு விசித்திரமான அமைதி இருந்தது. சட்டைகளை உதறி வாளியில் போட்டபடியே பேசினாள். "சார், இட்லியில மந்திரம் ஒண்ணும் இல்ல. மெத்துன்னு இருக்கு, கொழுப்பு இல்ல, நார் இல்ல, அவ வயித்துக்குத் தெரிஞ்ச சாப்பாடு. அவ்வளவுதான். வெள்ளை ரொட்டியும் அப்படித்தான். அதையும் அவ பழகியிருக்கா. நீங்க அவகிட்ட போய் இட்லி போச்சுன்னு முகத்தைத் தூக்கிவெச்சுக்காம இருந்தா போதும். பதற்றத்துலயும் வயிறு கலங்கும்."

கோச் வாளியை வாங்கிக்கொண்டார். அன்று மாலை அணிச் சட்டைகளைத் துவைத்து முறுக்கிப் பிழிந்தவரும் அவர்தான், அது நியாயம்.

போட்டி நாளில் வாத்து ரொட்டி தின்றாள், தண்ணீர் குடித்தாள், செரிக்க நேரம் கொடுத்து உட்கார்ந்தாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தேசிய அணி. வட்டங்கள் கழியக் கழிய முன்னால் ஐந்து பேர் கூட்டமாகச் சேர்ந்தார்கள், அதில் அவளும் இருந்தாள். அண்ணி தண்ணீர் மேசையில் நின்றாள். ஒவ்வொரு முறை அவள் கடக்கும்போதும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். கை வயிற்றுக்குப் போகிறதா?

பாதித் தூரம் தாண்டியதும் கை அங்கே போனது.

அடுத்த சுற்றில் வாத்தின் முதுகு லேசாகக் கூனியிருந்தது. நடுவர் ஒருவர் மஞ்சள் தட்டியைத் தூக்கிக் காட்டினார், முழங்கால் மடங்குகிறது என்று எச்சரிக்கை. கொஞ்ச நேரத்தில் சாலையோரத்துத் தவறுப் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளியும் ஏறியது. மூன்று ஏறினால் வெளியே. கோச் வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஜெல்லைக் குடு, தெம்பு இல்லாம போகுது," என்றார்.

"வேண்டாம்," என்று அண்ணி தண்ணீர்க் கோப்பையை மட்டும் நீட்டினாள். "வேகத்தைக் கொஞ்சம் விடு. நிமிர்ந்துக்கோ. வாய் வாயா குடி. அவங்க போகட்டும்."

வாத்து தலையசைத்தாள். முன்கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த முறை வந்தபோது வாத்து நிமிர்ந்திருந்தாள், முழங்கால் கம்பியாக நின்றது, கை பக்கவாட்டில் வீசியது. பிடிப்பு விட்டிருந்தது. அதற்குப் பிறகு ஜெல்லில் பாதி, தண்ணீரோடு. கழிப்பறைப் பெட்டிகள் வரிசையாக நின்ற திருப்பத்தை அவள் ஒவ்வொரு முறையும் திரும்பியே பார்க்காமல் கடந்தாள். முன்னால் போனவர்களில் ஒருத்தி மூன்று சிவப்பு வாங்கி வெளியேற, இன்னொருத்தி கடைசிச் சுற்றில் தளர்ந்தாள். வாத்து அவளைத் தாண்டி மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டாள். தொட்டதும் சாலையிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள். அண்ணி பக்கத்தில் மண்டியிட்டு அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள்.

"வயிறு எப்படி?"

"வயிறா? இருக்குதா என்ன?" என்றாள் வாத்து. இருவருக்கும் கண் கலங்கியது.

வெற்றிக்குக் காரணம் யார் என்பதில் மட்டும் இன்றுவரை முடிவு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் மகளைக் கட்டிக்கொண்டு, "ராத்திரி தயிர் விடாம குடிச்சே இல்ல, அதான்," என்றார். கணவர், நிறுத்துவதற்கு முன்னால் உள்ளே போன கோடிக்கணக்கான கிருமிகள் வேலை செய்திருக்கும் என்று நம்பினார். உள்ளே போகிற கிருமி அங்கே குடும்பம் நடத்தாது, மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் கிளம்பிப் போய்விடும் என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள். "நீ எப்பவும் இப்படித்தான்," என்றார் அவர். கோச்சோ, நிருபர் ஒருவரிடம் இட்லியின் மகிமையை அரை மணி நேரம் விளக்கினார். அன்று காலை அவள் தின்றது ரொட்டி என்பதை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார். வலி மாத்திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வேண்டாததை நீக்கியதற்கு யாரும் பாராட்டு வாங்க வருவதில்லை போலிருக்கிறது.

ஓய்வு மாதத்தில், மருத்துவர் எழுதிக் கொடுத்த வகையை, ஊக்கமருந்துக் கலப்பு இல்லை என்று சோதித்த டப்பாவிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றாக வாத்து ஆரம்பித்தாள். முதல் வாரம் வயிறு கடமுடவென்றது. உதவுமா உதவாதா என்று இன்னும் தெரியவில்லை, தெரியவும் நாளாகும் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அலுவலறையைத் திறக்கும்போது வாசலில் குண்டு எறிகிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நெடுந்தூரமும் இல்லை, நடையும் இல்லை. வட்டத்துக்குள் நின்று ஒரு சுழற்று சுழன்று எறிகிறவள்.

"என்ன ஆச்சு?"

"வயிறு உப்பிடுச்சு அண்ணி. வாத்து போடறாளேன்னு நானும் அந்த மாத்திரை வாங்கினேன். தயிரும் சேர்த்தா நல்லதுன்னு உங்க மாமியார் குடுத்தனுப்பினாங்க. கோச் ராத்திரிக்கும் இட்லியே சாப்பிடச் சொன்னார். பத்துக்கு மேல போயிடுச்சு."

அண்ணி கதவைத் திறந்தாள், விசிறியைப் போட்டாள், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு. முதல்ல மாத்திரையில இருந்து ஆரம்பி. எல்லா மாத்திரையும்."